ஒன்பது குழாய்களும் நாற்பத்து மூன்று என்ற விடையும்

உணவு நுண்ணுயிரியல் செய்முறைத் தேர்வில் ஏதாவது ஒரு வடிவில் வந்துவிடும் கேள்வி இது. குல்ஃபி மாதிரி ஒன்றை மூன்று அடர்த்திகளில், அடர்த்திக்கு மூன்று குழாயாக, ஒன்பது குழாய்களில் இட்டிருக்கிறார்கள். முதல் கட்டத்தில் வாயு வந்த குழாய்கள் 3-2-1. உறுதிப்படுத்தும் கட்டத்தில் வாயு வந்தவை 3-1-0. அப்படியானால் ஒரு கிராம் குல்ஃபியில் கோலிஃபார்ம் பாக்டீரியா எவ்வளவு?

விடை 43. அட்டவணையைப் பார்த்து எழுதிவிடக்கூடிய எண்தான். ஆனாலும் விடைத்தாள்களில் 150 என்று வரும். ‘100 மில்லிலிட்டருக்கு 43’ என்று வரும். ‘43 காலனிகள்’ என்றும் வரும். மூன்றும் தவறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்தால். அட்டவணையில் இருக்கும் அந்த 43 எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டவர் இந்த மூன்றில் எதையும் எழுத மாட்டார். அதைத்தான் இங்கே நிதானமாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில் குல்ஃபி. பாலைச் சுண்டக் காய்ச்சித்தான் குல்ஃபி செய்கிறார்கள். அந்தக் கொதியில் கோலிஃபார்ம்கள் பிழைப்பதில்லை. எஷெரிச்சியா கோலை, கிளெப்சியெல்லா, என்டரோபாக்டர், சிட்ரோபாக்டர் போன்றவை சேர்ந்த கூட்டம்தான் கோலிஃபார்ம். லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைப் புளிக்கவைத்து, 35 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரத்துக்குள் அமிலமும் வாயுவும் உண்டாக்குவது இவற்றின் பொது அடையாளம். காய்ச்சிய பாலில் செய்த பண்டத்தில் இவை இருந்தால், காய்ச்சிய பிறகு எங்கிருந்தோ வந்து சேர்ந்திருக்கின்றன என்று பொருள். அச்சு, குச்சி, கை, கழுவிய தண்ணீர், மேலே தூவிய பிஸ்தா என்று எதிலிருந்தும் வந்திருக்கலாம். மலக்கழிவுதான் காரணம் என்று உடனே சொல்லிவிட முடியாது. இந்தக் கூட்டத்தில் சில மண்ணிலும் செடிகளிலும் இயல்பாகவே வாழ்பவை.

சரி, எத்தனை இருக்கின்றன என்று நேரே எண்ணிவிடலாமே? தட்டில் வளர்த்துக் காலனிகளை எண்ணும் முறை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு கிராமில் ஐந்தோ ஆறோ இருக்கும்போது, பத்து மடங்கு நீர்த்த கரைசலில் ஒரு மில்லிலிட்டர் எடுத்துத் தட்டில் ஊற்றினால் பெரும்பாலும் ஒன்றும் முளைக்காது. உறைநிலையில் அடிபட்டு நலிந்த செல்கள், தேர்ந்தெடுக்கும் கடுமையான திட ஊடகத்தைவிட மென்மையான திரவ ஊடகத்தில் எளிதாகத் தேறி எழுகின்றன. எண்ணிக்கை குறைவாக இருக்கக்கூடிய உணவுகளுக்குக் குழாய் முறை நிலைத்து நிற்பதற்கு இவையே காரணங்கள்.

குழாய் எண்ணுவதில்லை. தனக்குள் ஒரு செல்லாவது விழுந்ததா இல்லையா என்பதை மட்டும் அது சொல்கிறது. ஒரு செல் விழுந்தாலும் வாயு, ஐம்பது விழுந்தாலும் வாயு. ‘உண்டு’, ‘இல்லை’ என்ற ஒன்பது பதில்களிலிருந்து ஒரு எண்ணைப் பெறுவதுதான் எம்.பி.என் முறை. மிகவும் சாத்தியமான எண்ணிக்கை என்று தமிழில் சொல்லலாம்.

கல்யாணப் பந்தியில் பாயச அண்டாவைக் கலக்கிவிட்டு மூன்று பெரிய கரண்டி மொள்ளுகிறோம். மூன்றிலும் முந்திரி இருக்கிறது. பிறகு மூன்று மேசைக்கரண்டி எடுக்கிறோம். ஒன்றில் மட்டும் முந்திரி. கடைசியில் மூன்று மருந்துக் கரண்டி, எதிலும் இல்லை. அண்டாவைக் கவிழ்த்து எண்ணாமலே, முந்திரி ஏறக்குறைய எவ்வளவு நெருக்கமாகக் கிடக்கிறது என்று சொல்லிவிடலாம். கரண்டிகளின் அளவு தெரிந்திருக்க வேண்டும், அண்டா நன்றாகக் கலக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த இரண்டும்தான் நிபந்தனை.

ஆய்வகத்தில் கரண்டிகளின் அளவு எப்படி அமைகிறது என்று பார்ப்போம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வுக் கையேடு பல கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது, அதன்படியே போகலாம். 50 கிராம் குல்ஃபியை 450 மில்லிலிட்டர் பாஸ்பேட் தாங்கல் கரைசலில் சேர்த்து இரண்டு நிமிடம் அரைக்கிறோம். இப்போது இதில் ஒரு மில்லிலிட்டர் எடுத்தால் அதற்குள் 0.1 கிராம் குல்ஃபி இருக்கும். இதில் 10 மில்லியை 90 மில்லி கரைசலில் கலந்தால், ஒரு மில்லிக்கு 0.01 கிராம். இன்னொரு முறை அப்படியே செய்தால் 0.001 கிராம். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மில்லி வீதம் மூன்று குழாய்களில் இடுகிறோம். அரைத்ததிலிருந்து கடைசிக் குழாயில் இடும் வரை 15 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. போனால், கரைசலிலேயே சில செல்கள் பெருகவோ சாகவோ தொடங்கிவிடும்.

ஒன்பது குழாய்களிலும் போன குல்ஃபியைக் கூட்டிப் பாருங்கள். 0.3, 0.03, 0.003 கிராம், மொத்தம் 0.333 கிராம். ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கைப் பார்த்துத்தான் ஒரு முழுத் தொகுதியைப் பற்றிப் பேசுகிறோம்.

குழாய்களில் இருப்பது லாரில் சல்பேட் டிரிப்டோஸ் புரோத் என்ற ஊடகம். ஆய்வகத்தில் எல்.எஸ்.டி என்பார்கள். லாக்டோஸ் இதில் உணவு. லாரில் சல்பேட் என்பது சோப்பு போன்ற ஒரு பொருள். கோலிஃபார்ம் அல்லாத கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாக்கள் பலவற்றை அது அடக்கி வைக்கிறது. ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு குட்டிக் குழாய் தலைகீழாகக் கிடக்கும். 1898ல் ஹெர்பர்ட் டர்ஹாம் அறிமுகப்படுத்தியது. இன்றும் டர்ஹாம் குழாய் என்றே பெயர். வாயு உண்டானால் அதன் மேல்முனையில் குமிழாகச் சேர்ந்து நிற்கும். 35 டிகிரியில் வைத்து 24 மணி நேரத்தில் ஒருமுறை பார்க்கிறோம். வாயு வராதவற்றைத் திரும்ப வைத்து 48 மணி நேரத்தில் மறுபடி பார்க்கிறோம்.

இங்கே கண்ணை நம்பி ஏமாறும் இடங்கள் உண்டு. குழாய் கலங்கியிருப்பது மட்டும் போதாது. குல்ஃபியே பாலாலானது, அடர்த்தியான குழாய் முதலிலிருந்தே மங்கலாகத்தான் இருக்கும். வாயுதான் சாட்சி. ஆனால் எல்லா வாயுவும் பாக்டீரியா தந்ததல்ல. ஊடகத்தைக் குளிர்பெட்டியில் வைத்திருந்து நேரே 35 டிகிரிக்குக் கொண்டுபோனால், குளிரில் கரைந்திருந்த காற்று வெளியேறி டர்ஹாம் குழாயில் குமிழாக நின்றுவிடும். அதனால்தான் குழாய்களை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, ஏற்கெனவே குமிழ் இருப்பவற்றை ஒதுக்கிவிட்டு, மாதிரி எதுவும் இடாத ஒரு குழாயையும் கூடவே வைக்கிறார்கள். அந்தக் குழாயிலும் குமிழ் வந்திருந்தால் மற்றவற்றின் குமிழையும் நம்ப முடியாது.

நம் கேள்வியில் இந்தக் கட்டத்தின் முடிவு 3-2-1. இதற்கு அட்டவணை சொல்லும் எண் 150. இதை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறவர்கள் பாதி வழியில் நின்றுவிட்டார்கள். இது ஊகக் கட்டம் மட்டுமே.

லாக்டோஸைப் புளிக்கவைத்து வாயு தருவது கோலிஃபார்ம்களின் தனியுரிமை அல்ல. பேனிபாசில்லஸ் பாலிமிக்ஸா போன்ற வித்து உண்டாக்கும் பாக்டீரியாவும் இதைச் செய்யும். பாலைக் காய்ச்சினாலும் அதன் வித்து சாகாது. குல்ஃபிக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதில் போட்ட சர்க்கரையும் அடர்த்தியான குழாய்க்குள் கூடவே போகிறது. லாக்டோஸைத் தொடத் தெரியாத ஒரு பாக்டீரியா அந்தச் சர்க்கரையைப் புளிக்கவைத்து வாயு தந்துவிடலாம். இனிப்பு சேர்த்த பால் பண்டங்களில் முதல் கட்ட முடிவை அப்படியே ஏற்கக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

அதனால், வாயு வந்த ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு கம்பி வளையத் துளி எடுத்து, பிரில்லியண்ட் கிரீன் லாக்டோஸ் பைல் புரோத்தில் இடுகிறோம். மாட்டுப் பித்தமும் பச்சைச் சாயமும் கலந்த ஊடகம் இது. குடலில் வாழப் பழகிய கோலிஃபார்ம்களுக்குப் பித்தம் பொருட்டல்ல. வித்துக்காரர்கள் பெரும்பாலோர் இதில் தோற்றுவிடுவார்கள். ஒரு துளிதான் போகிறது என்பதால் குல்ஃபியின் சர்க்கரையும் கூட வராது. வாயு வந்தால் அது லாக்டோஸிலிருந்துதான். 35 டிகிரியில் 48 மணி நேரம் வரை பார்த்தபின் முடிவு 3-1-0. நடு வரிசையில் ஒன்றும் கடைசி வரிசையில் இருந்த ஒன்றும் கழிந்துவிட்டன. அட்டவணையில் தேட வேண்டிய வரிசை இதுதான். இரண்டு குழாய் கழிந்ததில் 150 என்பது 43 ஆகிவிட்டது.

இனி, கட்டுரையின் மையத்துக்கு வருவோம். 3-1-0 என்றால் ஏன் 43?

பதிலிலிருந்து பின்னோக்கிப் போவதுதான் வழி. ஒரு எண்ணை ஊகிக்கிறோம். அது உண்மையானால் 3-1-0 வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுகிறோம். ஒரு கிராமில் 10 செல்கள் இருப்பதாக முதலில் வைத்துக்கொள்வோம். 0.1 கிராம் குழாய்க்குச் சராசரியாக ஒரு செல் கிடைக்கும். சராசரி ஒன்று என்பதால் எல்லாக் குழாய்க்கும் ஒன்று என்று ஆகாது. செல்கள் ஒன்றையொன்று பாராமல் சிதறிக் கிடக்கின்றன. ஒரு குழாய்க்கு மூன்று விழலாம், இன்னொன்றுக்கு ஒன்றும் விழாமல் போகலாம். இப்படிச் சிதறுவதற்குப் பாய்சான் பரவல் என்ற கணக்கு இருக்கிறது. அதன்படி, சராசரி ஒன்றாக இருக்கும்போது ஒரு குழாய் வெறுமையாகப் போகும் வாய்ப்பு 37 சதவீதம். அப்படியானால் மூன்று குழாயிலும் வாயு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 25 சதவீதம். 0.01 கிராம் வரிசையில் சரியாக ஒன்றில் மட்டும் வாயு வர 23 சதவீதம். 0.001 கிராம் வரிசையில் எதிலும் வராமலிருக்க 97 சதவீதம். மூன்றையும் பெருக்கினால் சுமார் 6 சதவீதம். 10 என்ற ஊகம் 3-1-0ஐ அவ்வளவு எளிதில் தராது.

அடுத்து 100 என்று ஊகிப்போம். முதல் வரிசை மூன்றும் கிட்டத்தட்ட நிச்சயம். நடு வரிசையில் ஒன்று மட்டும் என்பதற்கு 26 சதவீதம். கடைசி வரிசை முழுதும் வெறுமை என்பதற்கு 74. பெருக்கினால் 19 சதவீதம். 200 என்று ஊகித்தால் 3 சதவீதத்துக்கும் கீழே விழுந்துவிடுகிறது. 10க்கும் 100க்கும் இடையில் எங்கோ உச்சம் இருக்கிறது. 43ஐப் போட்டுப் பார்த்தால் முதல் வரிசைக்கு 96 சதவீதம், நடு வரிசைக்கு 44, கடைசி வரிசைக்கு 88. பெருக்கினால் 37 சதவீதம். வேறு எந்த எண்ணைப் போட்டாலும் இதைத் தாண்டாது. அட்டவணையின் 43 இப்படித்தான் வந்தது. 1915ல் மெக்ரேடி இந்தக் குழாய் முடிவுகளுக்கு எண் கணக்கு வகுத்துக் கொடுத்தார். அந்த வழியில் போட்ட அட்டவணைகளைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம்.

தேர்வில் அட்டவணை தராமல் கணக்கிடச் சொன்னால் தாமஸின் சுருக்க வழி உதவும்:

```
MPN/g = P / √(N × T)
```

P என்பது வாயு வந்த குழாய்கள், இங்கே 4. N என்பது வாயு வராத குழாய்களில் இருந்த மாதிரி, 0.02 உடன் 0.003 சேர்த்து 0.023 கிராம். T என்பது எல்லாக் குழாயிலும் இருந்த மொத்தம், 0.333 கிராம். கணக்கிட்டால் 46 வருகிறது. அட்டவணையின் 43க்கு இவ்வளவு நெருக்கம் போதும்.

இப்போது அந்த 37 சதவீதத்தைத் திரும்பப் பாருங்கள். மாணவர்கள் அதிகம் நின்று பார்க்காத இடம் இது. எனக்கு மிக முக்கியமாகப் படும் இடமும் இதுதான். குல்ஃபியில் உண்மையிலேயே கிராமுக்கு 43 இருந்தாலும், அதே கரைசலிலிருந்து திரும்பத் திரும்ப ஒன்பது குழாய் போட்டால் மூன்றில் ஒரு தடவைக்குச் சற்று அதிகமாகத்தான் 3-1-0 கிடைக்கும். மற்ற நேரங்களில் 3-0-0, 3-2-0, 3-1-1 என்று வேறு வரிசைகள் வரும். ஆய்வாளர் ஒரு பிழையும் செய்யாதபோதும் இப்படித்தான். ஆகவே அட்டவணை 43 என்பதோடு நிற்பதில்லை. 95 சதவீத நம்பிக்கை வரம்பு என்று பக்கத்தில் இரண்டு எண்களையும் தருகிறது: 9, 180. முழு விடை இது: ‘உறுதிப்படுத்திய கோலிஃபார்ம், கிராமுக்கு 43 எம்.பி.என், வரம்பு 9 முதல் 180 வரை’. காலனி என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை, எந்தத் தட்டிலும் எதையும் நாம் எண்ணவில்லை.

‘100 மில்லிலிட்டருக்கு’ என்ற தவறு எங்கிருந்து வருகிறது என்பதும் இப்போது தெளிவாகும். குடிநீர்ச் சோதனையில் 10, 1, 0.1 மில்லி என்று இடுவார்கள். அங்கே 3-1-0க்கு அட்டவணை சொல்வது 100 மில்லிக்கு 43. எண் அதே எண். ஆனால் குழாயில் போன அளவு நூறு மடங்கு பெரியது, எனவே மில்லிக்கு 0.43தான். உணவுக்கான அட்டவணையின் தலைப்பில் 0.1, 0.01, 0.001 கிராம் என்று இருக்கிறதா என்று பார்த்தபின்தான் எண்ணைத் தொட வேண்டும். அடர்த்தி மாறினால் விடையும் மாறும். மிக மாசுபட்ட ஒரு மாதிரிக்கு 0.1லிருந்து 0.0001 கிராம் வரை நான்கு அடர்த்தி போட்டு, உறுதிப்படுத்திய முடிவு 3-3-1-0 என்று கொடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். மூன்றும் வாயு தந்த அடர்த்திகளில் மிக நீர்த்தது 0.01, அதையும் அடுத்த இரண்டையும் எடுத்தால் மறுபடி 3-1-0. ஆனால் ஒவ்வொரு குழாயிலும் போனது அட்டவணை நினைப்பதில் பத்தில் ஒரு பங்கு என்பதால், 43ஐப் பத்தால் பெருக்கி 430 என்று எழுத வேண்டும்.

இரண்டு ஓரங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதிலும் வாயு இல்லை என்றால் விடை பூஜ்யம் அல்ல; ‘3.0க்குக் குறைவு’. மூன்றில் ஒரு கிராம் மாதிரியில் அகப்படவில்லை என்பதற்கு மேல் நமக்கு எதுவும் தெரியாது. ஒன்பதிலும் வாயு என்றால் ‘1100க்கு மேல்’. எவ்வளவு மேல் என்பதை அந்தக் குழாய்களால் சொல்ல முடியாது, இன்னும் நீர்த்துப் போட்டிருக்க வேண்டும். 0-0-3 போன்ற தலைகீழ் வரிசை வந்தால் அட்டவணையை விட்டுவிட்டுக் குழாய்களைச் சந்தேகிக்க வேண்டும். அடையாளச் சீட்டு மாறியிருக்கலாம். அல்லது பூண்டு, கிராம்பு போன்ற சரக்கு சேர்ந்த உணவாக இருந்தால், அடர்த்தியான குழாயில் அந்தச் சரக்கே பாக்டீரியாவை வளரவிடாமல் தடுத்திருக்கலாம்.

9 முதல் 180 வரை என்பது இருபது மடங்கு அகலம். நேற்றைய தொகுதி 3-1-0, இன்றையது 3-2-0 என்று வந்தால் அட்டவணை 43, 93 என்று சொல்லும். எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு மாசு இரட்டிப்பானதாகத் தோன்றும். ஆனால் 93இன் வரம்பு 18 முதல் 420 வரை. முந்தையதோடு பெரும்பகுதி ஒன்றின்மேல் ஒன்று விழுகிறது. ஒரே ஒரு குழாய் கூடுதலாக வாயு தந்திருக்கிறது, அவ்வளவே. இதை வைத்துக் குல்ஃபிக்காரரிடம் ‘நேற்றைவிட இன்று மோசம்’ என்று சொல்ல ஆதாரம் கிடையாது.

அகலத்தைக் குறைக்க வேண்டுமென்றால் குழாய்களைக் கூட்டுவது ஒன்றே வழி, அதுவும் விலை கூடிய வழி. பத்துப் பத்தாக நீர்க்கும்போது இந்த நிச்சயமின்மை குழாய் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறைகிறது என்பது 1950ல் காக்ரன் காட்டிய கணக்கு. மடங்கு அளவில் பாதியாக்க, அடர்த்திக்கு மூன்று குழாய் இருந்த இடத்தில் பன்னிரண்டு வேண்டும். ஒன்பதுக்குப் பதில் முப்பத்தாறு குழாய், அதற்குப் பிறகு உறுதிப்படுத்தும் குழாய்கள் தனி. அவ்வளவும் செய்த பிறகு, கிராமுக்கு 43 என்ற அதே விடைக்கு வரம்பு ஏறக்குறைய 20 முதல் 90 வரை வந்து நிற்கும்.